வலி போய்விட்டது, படிகம் போகவில்லை

*டாக்டர், எனக்கு வயது 46. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு வருடத்தில் ஐந்து முறை வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஊசியும் வலி மாத்திரையும் போட்டு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். முதல் தடவை வலியோடு போய் எடுத்த டெஸ்டில் யூரிக் ஆசிட் 6.6, நார்மல் என்றார்கள். பிறகு ஒருமுறை 9.1 வந்தது. பருப்பு, கீரை, தக்காளி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. 8.3-க்குக் கீழே இறங்கவில்லை. எங்கள் டாக்டர் அலோபியூரினால் 100 எழுதினார். பன்னிரண்டாம் நாள் முன்னைவிடப் பெரிய வலி வந்தது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டேன். குடிப்பழக்கம் கிடையாது. வெயிலுக்குத் தினமும் ஒரு பாட்டில் கூல் டிரிங்க்ஸ் குடிப்பேன். பிபிக்கு டெல்மிசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்த மாத்திரை போடுகிறேன். கிரியாட்டினின் 1.1. சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து, வலிக்கும்போது மட்டும் மாத்திரை போட்டால் போதாதா? ஆயுளுக்கும் மாத்திரை வேண்டுமா? தம்பிக்கு 7.8 இருக்கிறது, வலி எதுவும் இல்லை. அவனும் மாத்திரை போட வேண்டுமா?*

அன்புள்ள ஐயா,

அந்த அலோபியூரினால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. அது வேலை செய்யத் தொடங்கியதால்தான் பன்னிரண்டாம் நாள் வலி வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்களுக்கு இருப்பது கவுட், அதாவது யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் சேர்ந்து வரும் வாதம். இந்த நோயாளிகளில் பலர் சரியான மருந்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். இப்படி ஒரு வலி வரக்கூடும் என்று மருந்து எழுதும்போதே சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

நீங்கள் உப்பளத்தில் இருப்பதால் எனக்கு விளக்குவது எளிது. பாத்தியில் நிற்கும் நீர் எந்த டிகிரிக்குப் போனால் உப்பு இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். நீரின் அடர்த்தியைக் காட்டும் மானியில் 25 டிகிரி வரும்வரை எவ்வளவு உப்பு இருந்தாலும் அது நீரோடு நீராக இருக்கும். அதற்கு மேல் போனால் தாங்க முடியாமல் அடியில் மணிமணியாக விழும். யூரிக் ஆசிடும் அப்படித்தான். நம் ரத்தம் 100 மில்லிக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரை யூரிக் ஆசிடைக் கரைத்து வைத்திருக்கும். அதைத் தாண்டினால் கரைந்திருக்க இடமில்லாமல் மெல்ல மெல்லப் படிகமாக மூட்டில் இறங்கும். அந்த 6.8 என்பது உடம்பின் உட்சூடான 37 டிகிரியில் உள்ள கணக்கு. கால் பெருவிரல் உடம்பின் நடுப்பகுதியிலிருந்து தூரத்தில் இருப்பதால் அங்கே சூடு குறைவு, ஆகவே கரையும் திறனும் குறைவு. முதல் அட்டாக் பெரும்பாலும் பெருவிரலில் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்களுக்கு முதல் வலி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. ஆனால் படிகம் சேரத் தொடங்கியது அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே. சேரும்போது வலிக்காது. வலி இல்லாத மூட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தால்கூடக் குருத்தெலும்பின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக ஒரு வரி தெரிவதுண்டு. அது மூட்டுக்குள் படிந்து கிடக்கும் யூரேட் படிகம்.

அப்படியென்றால் வலி எப்போது வருகிறது? படிந்து கிடக்கும் படிகத்தில் கொஞ்சம் உதிர்ந்து மூட்டுத் திரவத்தில் கலக்கும்போது வருகிறது. அவை ஊசி வடிவப் படிகங்கள். வெள்ளை அணுக்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்கப் பார்க்கும். விழுங்கிய அணுக்கள் இன்டர்லூக்கின்-1 என்ற பொருளைக் கொட்டும். அது இன்னும் ஆயிரக்கணக்கான அணுக்களை அங்கே அழைத்து வரும். நடு இரவில் தொடங்கி, மறுநாளைக்குள் உச்சத்துக்குப் போகும் அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் இந்தக் கலவரம்தான். அப்புறம் உடம்பே அதை அடக்கிக்கொள்ளும். எந்த மருந்தும் போடாவிட்டாலும் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் அட்டாக் தணிந்துவிடும். ‘ஊசி போட்டதும் குணமாயிற்று’ என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, தானாகவே அடங்கியதுதான்.

வலி மாத்திரை அடக்குவது இந்தக் கலவரத்தை. பாத்தியில் கிடக்கும் உப்பில் ஒரு மணியைக்கூட அது கரைப்பதில்லை. ரத்தத்தில் யூரிக் ஆசிடையும் குறைப்பதில்லை. அதனால்தான் ஐந்து முறை குணமாகி ஐந்து முறையும் திரும்பி வந்திருக்கிறது. இப்படியே விட்டால் இடைவெளி குறுகும். கணுக்கால், முழங்கால், கை விரல் என்று பரவும். முழங்கையிலும் காது மடலிலும் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளை முடிச்சுகள் திரளும். உள்ளே எலும்பை அரித்துவிட்டால் அதைத் திரும்ப வளர்க்க மருந்து கிடையாது.

வலி மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டாக் வந்த மனிதனுக்கு அது கட்டாயம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். தொடங்கிய முதல் சில மணி நேரத்திலேயே போட்டால் குறைந்த மருந்தில் அடங்கும். இரண்டாம் நாள் போட்டால் பலன் குறையும். நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள், கோல்ச்சிசின், அல்லது ஐந்து நாளுக்கு 30 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், இந்த மூன்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் சிறுநீரகமும் வயிறும் சர்க்கரையும் பிபியும்தான் முடிவு செய்யும். உங்களுக்கு பிபி இருப்பதால் வலி மாத்திரைகள் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. அவை பிபியை ஏற்றும். நீங்கள் போடும் பிபி மாத்திரையோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் பாரம். உப்பள வெயிலில் வியர்த்து நீர் வற்றிப்போன நாளில் அந்தப் பாரம் இன்னும் கூடும். மெடிக்கல் ஷாப்பில் பெயர் தெரியாமல் வாங்கிப் போட்ட மாத்திரைகளில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கலாம். வருடத்தில் இரண்டு மூன்று முறை அப்படி வாங்கிப் போட்டவர்கள் சில வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு, கிரியாட்டினின் ஏறி என்னிடம் வருவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது 1.1-இல் இருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதினீர்களே, அது நல்லது.

உங்கள் நிலைமைக்கு நான் கோல்ச்சிசினைத் தேர்ந்தெடுப்பேன். 0.5 மில்லிகிராம் மாத்திரை. வலி தொடங்கியதும் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் முதல் அடங்கும்வரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பழைய நாட்களில் மணிக்கொரு மாத்திரையாக, பேதி ஆகும்வரை கொடுப்பார்கள். இப்போது அப்படிக் கொடுப்பதில்லை. குறைந்த அளவே அதே பலனைத் தருகிறது, வயிறும் கெடுவதில்லை. பேதி தொடங்கினால் மருந்து அதிகமாகிவிட்டது என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதியிருந்தால் அதோடு இதைச் சேர்க்கவே கூடாது. கோல்ச்சிசின் உடம்பில் தேங்கி நஞ்சாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். மருந்துக் கம்பெனிகளுக்காகவே அதன் விதையைத் தமிழ்நாட்டில் பயிரிடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, மூட்டுவலிக்கு அதன் கிழங்கான கண்வலிக் கிழங்கை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஒரு கிழங்கில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்துக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இந்த மருந்தில் மிகக் குறைவு. முறிமருந்தும் கிடையாது.

அடுத்து அந்த 6.6. அட்டாக் உச்சத்தில் இருக்கும்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் ஆசிடை வெளியேற்றும். அதனால் ரத்தத்தில் அளவு தற்காலிகமாக இறங்கிக் காட்டும். விரல் நெருப்பாக எரியும் நேரத்தில் எடுத்த டெஸ்ட் நார்மல் என்று வந்தால், கவுட் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுப்பதுதான் உண்மையான கணக்கு. உங்களுக்கு 9.1 வந்தது அப்படித்தான்.

லேப் தாளில் 7.2 வரை நார்மல் என்று அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள். அது ஊரில் உள்ள ஆண்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. உப்பு எப்போது கரையும் என்ற கணக்கு அல்ல. மூட்டில் ஏற்கனவே படிகம் இருக்கும் உங்களுக்கு நார்மல் என்பது 6-க்குக் கீழே. வெள்ளை முடிச்சு விழுந்தவர்களுக்கு 5-க்குக் கீழே. 6.8-இல் நின்றால் புதிதாகச் சேராது, பழையதும் கரையாது. பாத்தியில் நல்ல தண்ணீர் விட்டால்தானே உப்பு கரையும்? அதுபோல 6-க்குக் கீழே இறக்கி, அங்கேயே மாதக்கணக்கில் பிடித்து வைத்தால்தான் பழைய படிகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரில் போகும்.

இப்போது சாப்பாடு. எட்டு மாதம் நீங்கள் இருந்த கட்டுப்பாட்டை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்தவர் மீனை விடுவது சாதாரணமா? அவ்வளவு இருந்தும் 9.1 என்பது 8.3 ஆகத்தான் இறங்கியது. நீங்கள் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடுமையான பத்தியம் தரக்கூடியதே சுமார் 1 மில்லிகிராம்தான். நம் உடம்பில் உள்ள யூரிக் ஆசிடில் மூன்றில் இரண்டு பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. பழைய செல்கள் உடைந்து புதிய செல்கள் உருவாகும்போது உடம்பே உண்டாக்குவது அது. உபவாசம் இருந்தாலும் அது உருவாகிக்கொண்டே இருக்கும். கவுட் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அடிப்படைக் கோளாறு, அதைச் சிறுநீரகம் போதுமான அளவு வெளியேற்றாததுதான். அது பெரும்பாலும் பிறவியோடு வருவது. மற்ற பெரும்பாலான பாலூட்டி விலங்குகளுக்கு யூரிக் ஆசிடை உடைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. மனிதன் பரிணாமத்தில் அதை எப்போதோ இழந்துவிட்டான். இதையெல்லாம் ஒரு தட்டுச் சோற்றில் சரிக்கட்ட முடியாது. கணக்கையும் பாருங்கள்: 9.1-இல் ஒன்று போனால் 8.1. அது இன்னும் 6.8-க்கு மேலேதான் இருக்கிறது. பத்தியத்தால் மட்டும் உங்கள் படிகம் கரையாது.

அதிலும் நீங்கள் விட்டவற்றில் பாதி விட வேண்டாதவை. உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் என்ற பொருள் பருப்பிலும் கீரையிலும் இருப்பது உண்மை. ஆனால் பல்லாயிரம் ஆண்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து அமெரிக்காவில் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடியது. பியூரின் உள்ள காய்கறி சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. எனவே சாம்பாரும் கீரையும் தக்காளியும் உங்கள் இலைக்குத் திரும்பி வரட்டும், மோரும் தாராளமாக வரட்டும். மீனில் சாளை, நெத்திலி, அவற்றின் கருவாடு, ஆட்டில் ஈரல், குடல், மூளை, இவை பியூரின் மிக அதிகம் உள்ளவை. வலி முழுசாக அடங்கும்வரை இவை வேண்டாம். மற்ற மீனை வாரத்தில் இரண்டு நாள் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் சாப்பாட்டில் என் கண்ணில் பட்ட பெரிய குற்றவாளி அந்தக் கூல் டிரிங்க்ஸ்தான். அதில் பியூரினே இல்லை. அதனால்தான் யாரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கல்லீரல் கையாளும்போது செல்லின் எரிபொருளான ஏடிபி அவசரமாகச் செலவாகி உடைகிறது. உடைந்த துண்டு கடைசியில் யூரிக் ஆசிடாக மாறுகிறது. பருப்பை விட்டுவிட்டு தினமும் ஒரு பாட்டில் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் இறைத்து மறுபக்கம் ஊற்றியதாகும். பாட்டில் ஜூஸுக்கும் இதே கணக்குதான். வெயிலுக்குத் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர். உங்களைப்போல உப்பளத்தில் இருப்பவர் சிறுநீர் வெளிர் நிறமாகப் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். மூன்று லிட்டருக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். குடிப்பழக்கம் இல்லை என்பது உங்களுக்குப் பெரிய பலம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பீர் இந்த நோய்க்கு மிக மோசமான பானம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பிபி மாத்திரை. அதில் உள்ள ஹைட்ரோகுளோரோதயாசைடு சிறுநீரைப் பெருக்கி பிபியைக் குறைக்கும். அதே சமயம் யூரிக் ஆசிடை வெளியேற விடாமல் சிறுநீரகத்தில் தடுத்து நிறுத்தும். எட்டு மாதப் பத்தியத்தின் பலனில் ஒரு பகுதியை இந்தச் சின்ன மாத்திரை விழுங்கியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிபி ஏறினால் அது வேறு வினை. பிபி பார்க்கும் டாக்டரிடம் போய், “எனக்குக் கவுட் இருக்கிறது, தயாசைடுக்குப் பதில் வேறு தர முடியுமா?” என்று கேளுங்கள். லோசார்ட்டன் என்ற பிபி மருந்து யூரிக் ஆசிடையும் கொஞ்சம் வெளியேற்றும். அம்லோடிபின் என்ற பிபி மருந்து யூரிக் ஆசிடை ஏற்றாது. மாற்றம் எளிது, கேட்க ஆள்தான் வேண்டும்.

சரி, இப்போது அலோபியூரினாலுக்கு வருவோம். 1966 முதல் கவுட்டுக்குக் கொடுத்துவரும் மருந்து இது. இதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்கள். யூரிக் ஆசிட் உருவாகும் கடைசிப் படியில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியை இது அடைத்துவிடும். ரத்தத்தில் அளவு இறங்கும். இறங்கியதும் மூட்டில் இருக்கும் படிகத்தின் மேற்பரப்பு கரையத் தொடங்கும். அப்போது அது தளர்ந்து உதிரும். உதிர்ந்த துகளைப் பார்த்து வெள்ளை அணுக்கள் பாயும். இதுதான் உங்கள் பன்னிரண்டாம் நாள். நிறைய உப்பு சேர்ந்த பாத்தியில் தண்ணீர் விட்டால் முதலில் கட்டி உடைந்து கலங்கும் அல்லவா, அதுபோல. தொடங்கும் முதல் மூன்று மாதத்தில், சிலருக்கு ஆறு மாதம் வரை இது வரலாம்.

இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலாவது, மிகக் குறைந்த அளவில் தொடங்கி நிதானமாக ஏற்றுவது. உங்கள் டாக்டர் 100-இல் தொடங்கியது சரிதான். இரண்டாவது, முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு அலோபியூரினாலுக்குத் துணையாகத் தினமும் ஒரு கோல்ச்சிசின் 0.5. இது கலவரத்தை முன்கூட்டியே அடக்கி வைக்கும். உங்கள் சீட்டில் இது இல்லாமல் போயிருக்கிறது. துணை மருந்தோடும் ஒரு அட்டாக் வந்தால், அலோபியூரினாலை ஒரு நாள்கூட நிறுத்தாமல், அதோடு அட்டாக்குக்கு வலி மருந்தும் போட வேண்டும். நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி, அதுவே அடுத்த அட்டாக்கைக் கூப்பிடும்.

ஒரு நோயாளியின் கணக்கைச் சொல்கிறேன், அப்போது படிகள் விளங்கும். லாரி ஓட்டுபவர், வயது 52, முழங்கையில் பாக்கு அளவு முடிச்சு. வந்தபோது யூரிக் ஆசிட் 9.8, கிரியாட்டினின் 1.0. அலோபியூரினால் 100, கோல்ச்சிசின் ஒன்று எனத் தொடங்கினோம். நாலு வாரத்தில் 8.6. அளவை 200 ஆக்கினோம். ஆறாவது வாரம் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டே வந்தார். “மாத்திரையை நிறுத்தலாமா?” என்றார். வேண்டாம் என்று ஐந்து நாள் ஸ்டீராய்டு கொடுத்தேன், அடங்கியது. அடுத்த டெஸ்ட் 7.2. 300 ஆக்கினோம், 6.3 வந்தது. இந்த இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். லேப் தாள் நார்மல் என்றது. அவர் மகன் போன் செய்து, “இனி மருந்து வேண்டாமே சார்” என்றான். 300-க்கு மேல் போகக் கூடாது என்று நினைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 6.3-இல் அந்த முடிச்சு கரையாது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது படிப்படியாக 800 வரைகூட ஏற்ற அனுமதி உண்டு. 400 ஆக்கினேன், 5.4 வந்தது, அடுத்த டெஸ்டில் 4.9. நாலாம் மாதம் கணுக்காலில் லேசாக ஒரு வலி வந்து இரண்டு நாளில் போயிற்று. ஆறு மாதத்தில் கோல்ச்சிசினை எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அட்டாக் இல்லை. முடிச்சு இரண்டு வருடத்தில் பட்டாணி அளவானது.

உங்களுக்கு எந்த அளவில் 6-க்குக் கீழே வரும் என்பது டெஸ்டை வைத்துத்தான் தெரியும். நாலு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட், 6-க்கு மேல் இருந்தால் 100 கூட்டுவது, அவ்வளவுதான் முறை. மருந்தை எழுதிவிட்டு அளவு பார்க்காமல் விடுவதுதான் பெரும்பாலான தோல்விக்குக் காரணம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. ஒரு பிரிவினருக்கு நர்சுகள் உட்கார்ந்து நோயை விளக்கி, டெஸ்ட் பார்த்து மருந்தை ஏற்றினார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல டாக்டரைப் பார்த்தார்கள். இரண்டு வருட முடிவில் முதல் பிரிவில் நூற்றுக்கு 95 பேருக்கு 6-க்குக் கீழே இருந்தது. மற்றப் பிரிவில் 30 பேருக்குத்தான். 

அலோபியூரினாலில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. கால் விரல் வலி நிறுத்தக் காரணமல்ல, தோல் தடிப்பு நிறுத்தக் காரணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அசதயோபிரின் என்ற மருந்து எடுப்பவர்கள் அதோடு அலோபியூரினாலைச் சேர்க்கக் கூடாது. அலோபியூரினால் ஆகாதவர்களுக்கு ஃபெபுக்ஸோஸ்டாட் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கும்போது யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஆயுளுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆமாம். பிபி மாத்திரையைப்போல. சிறுநீரகம் யூரிக் ஆசிடைத் தேக்கி வைப்பது உங்கள் உடம்பின் இயல்பு. மருந்தை நிறுத்தினால் சில வாரத்திலேயே அளவு பழைய இடத்துக்கு ஏறிவிடும். கரைந்து முடிந்த மூட்டில் புதிதாகப் படிகம் சேர்ந்து வலி வர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதனால்தான் நிறுத்தியும் நன்றாக இருக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். வலி மாத்திரை வலிக்கும் நாளுக்கு உரியது. அலோபியூரினால் வலியில்லாத நாளுக்கு உரியது. வலிக்கும் நேரத்தில் அலோபியூரினாலை இரண்டாகப் போட்டால் வலி குறையாது. தினமும் வலி மாத்திரை போட்டால் யூரிக் ஆசிட் குறையாது.

ஆகவே இந்த வாரம் உங்கள் டாக்டரிடமே போங்கள். ஆள் மாற வேண்டாம். நடந்ததைச் சொல்லி அலோபியூரினால் 100-உடன் கோல்ச்சிசினையும் சேர்த்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். கிரியாட்டினினையும் கல்லீரல் டெஸ்டையும் ஒருமுறை பாருங்கள். அட்டாக் வந்தால் என்ன போட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வீட்டில் வைத்திருங்கள். இரவு இரண்டு மணிக்கு மெடிக்கல் ஷாப் தேட வேண்டாம். வழக்கமான அட்டாக்கோடு குளிர் காய்ச்சலும் வந்தால் மட்டும் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் வெளியே இப்படியேதான் தெரியும். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தாமதித்தால் மூட்டே போகலாம்.

தம்பிக்கு மாத்திரை வேண்டாம். யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்களில் பலருக்கு ஆயுள் முழுதும் கவுட் வருவதில்லை. வலியில்லாமல் 7.8 என்ற எண்ணுக்காக மட்டும் அலோபியூரினால் கொடுத்தால் மருந்தின் ஆபத்துதான் மிஞ்சும். சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா, பிபி இருக்கிறதா, எந்த பிபி மாத்திரை போடுகிறார் என்று பாருங்கள். உடம்பு பருமன் என்றால் மெல்லக் குறைக்கட்டும். ஒரேயடியாகப் பட்டினி கிடந்து குறைத்தால் யூரிக் ஆசிட் தற்காலிகமாக ஏறும். வருடத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினோடு சேர்த்துப் பார்த்தால் போதும். என்றைக்காவது ஒரு விரலோ கணுக்காலோ ஒரே இரவில் சிவந்து வீங்கினால், அப்போது என்னிடம் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.